நிலையான 75 டிகிரியா, வானிலைக்கேற்ற வெப்பமா?

பிரிட்டன் வீடொன்றின் எரிவாயு கண்டென்சிங் பாய்லரில், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களிலிருந்து திரும்பும் நீர் சுமார் 55 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால்தான், புகையிலுள்ள நீராவி குளிர்ந்து நீராகித் தன் உள்ளுறை வெப்பத்தைத் திருப்பித் தரும். பாய்லரிலிருந்து செல்லும் நீரை எந்நாளும் 75 டிகிரியில் வைத்தால், திரும்புவது 60ஐ ஒட்டியே இருக்கும். வீடு விரைவில் சூடாகும், ஆனால் பாய்லர் பெயரளவில் மட்டுமே கண்டென்சிங்.

வடக்கு வெளிச்சுவரில் பொருத்திய வெப்ப உணரியைக் கொண்டு நீரின் வெப்பத்தை மாற்றும் முறையிலோ, வெளியே 8 டிகிரி நிலவும் நாளில் 45 டிகிரி நீரே போதுமானதாகி, 38இல் திரும்பக்கூடும். புகையின் நீராவி நீராகிறது என்பதற்கு, பாய்லரின் வடிகுழாயில் தொடர்ந்து சொட்டும் நீரே சாட்சி. நான் இதையே தேர்வேன். ரேடியேட்டர்கள் சிறியவையாக இருந்தால் நீரின் வெப்ப அளவைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கும். நீர் மிதமான சூட்டிலேயே செல்வதால், இரவில் முழுதாக அணைத்துவிட்டால், காலையில் அறை சூடேற நெடுநேரம் ஆகும்.