கதவுக் கைப்பிடிக்கு எது தேவை: கழுவுவதா, சானிடைஸா, கிருமிநீக்கமா?

கிருமிநாசினி பாட்டிலின் பின்பக்கத்தைப் பொறுமையாகப் படித்தால் ஒன்று கண்ணில் படும். பல பாட்டில்களில் ஒரே திரவத்துக்கு இரண்டு நேரம் போட்டிருப்பார்கள். சானிடைஸ் செய்ய 30 விநாடி அல்லது 1 நிமிடம், டிஸ்இன்ஃபெக்ட் செய்ய 4 நிமிடம், 5 நிமிடம், சிலவற்றில் 10 நிமிடம்கூட. அதே பாட்டில், அதே மருந்துதான், ஆனால் எவ்வளவு நேரம் ஈரமாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்து நடக்கிற வேலை மாறிவிடுகிறது. இதைக் கவனிக்காமல் தெளித்த கையோடு துடைத்துவிட்டு "கிருமி போய்விட்டது" என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன்.

முதலில் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம். சுத்தம் செய்வது என்றால் சோப்பும் தண்ணீரும் தேய்ப்பும் சேர்ந்து அழுக்கையும் பிசுக்கையும் அகற்றுவது, கூடவே கிருமிகளில் பெரும்பகுதியும் போய்விடும். அவற்றைக் கொல்வது நோக்கமில்லை, அந்த இடத்திலிருந்து எடுத்துவிடுவதுதான் நோக்கம். சானிடைஸ் என்பது பாக்டீரியாவின் எண்ணிக்கையைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே கொண்டுவருவது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கில், உணவு படாத கெட்டியான பரப்புகளுக்கு அது 99.9 சதவீதம். கேட்க முழுசாகப் போனமாதிரி இருக்கும், ஆனால் 10 லட்சம் பாக்டீரியா இருந்த இடத்தில் இன்னும் 1,000 மிச்சம் இருக்கும். அதைவிட முக்கியம், இந்த எண் பாக்டீரியாவைப் பற்றியது மட்டும்தான், வைரஸைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கிருமிநீக்கம், அதாவது டிஸ்இன்ஃபெக்ட் செய்வது, லேபிளில் பெயர் போட்டிருக்கும் பாக்டீரியாவையும் வைரஸையும் செயலிழக்கச் செய்வது. பெயர் இல்லாத கிருமிக்கு அந்த வாக்குறுதி கிடையாது.

இந்த மூன்றில் கதவுக் கைப்பிடிக்கு எது? என் முடிவு இது: வீட்டில் யாருக்கும் நோய் இல்லாத நாளில் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியே போதும். யாருக்காவது காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் கிருமிநீக்கம். நடுவில் இருக்கிற சானிடைஸ், கைப்பிடியைப் பொறுத்தவரை எனக்கு அவ்வளவு பயனுள்ளதாகத் தெரியவில்லை, ஏனென்றால் கைப்பிடி வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய் நமக்குக் கவலை தருவது பெரும்பாலும் வைரஸ்தான். சானிடைஸின் இடம் சமையலறை.

சரி, கிருமிநீக்கம்தான் என்று முடிவு செய்தாகிவிட்டது. இங்கேதான் கைப்பிடி தொல்லை கொடுக்கிறது. லேபிளில் இருக்கும் நேரம் "தெளித்துவிட்டு அவ்வளவு நேரம் காத்திருங்கள்" என்பதல்ல, அவ்வளவு நேரமும் பரப்பு கண்ணுக்குத் தெரிகிறமாதிரி ஈரமாக இருக்க வேண்டும் என்பது. மேசை என்றால் திரவம் அங்கேயே தேங்கி நிற்கும். கைப்பிடி வளைந்தது, செங்குத்தாக நிற்பது, திரவம் வழிந்து அடியில் ஒரு சொட்டாகச் சேரும், மேல்பக்கம் மெல்லிய படலமாகிக் காய்ந்துவிடும். மின்விசிறி ஓடினால் இன்னும் சீக்கிரம். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் பார்த்தபோது ஈரத்துணியால் லேசாகத் துடைத்த உலோகக் கைப்பிடி இரண்டு நிமிடத்துக்குள் காய்ந்துவிட்டது, பாட்டில் கேட்டதோ 4 நிமிடம்.

இப்போது மருந்துகளை ஒப்பிடலாம். 70 சதவீத ஆல்கஹாலுக்கு நேரம் குறைவு, சுமார் 1 நிமிடம் ஈரமாக இருந்தால் பல பாக்டீரியாவுக்கும் ஃப்ளூ போன்ற, மேலே கொழுப்புறை உள்ள வைரஸ்களுக்கும் போதும். ஆனால் அது ஆவியாகும் வேகத்தில் அந்த 1 நிமிடமே கிடைக்காமல் போகலாம், ஆகவே தாராளமாக நனைக்க வேண்டும், காய்ந்தால் மறுபடியும். (99 சதவீதம் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம், புரதத்தைக் குலைக்க அதற்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், தவிர அது இன்னும் வேகமாகப் பறந்துவிடும்.) வாந்தி, பேதி வரவைக்கும் நோரோவைரஸுக்கு அந்தக் கொழுப்புறை இல்லை, ஆல்கஹால் அதன்மேல் சரியாக வேலை செய்யாது. அடுப்புப் பக்கம் ஆல்கஹாலைக் கொண்டுபோகவும் கூடாது.

லேபிளில் பென்சால்கோனியம் குளோரைடு என்று இருந்தால் அது குவாட் வகை. உலோகத்தை அரிக்காது, வாடையும் குறைவு, ஆனால் நேரம் அதிகம் கேட்கும். இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. பருத்தித் துணி குவாட்டைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும், கைப்பிடிக்குப் போய்ச்சேர்வது நீர்த்துப்போன திரவமாக இருக்கும். சோப்பு மிச்சம் இருந்தாலும் குவாட் பலமிழக்கும். அதனால் சோப்பால் துடைத்த பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் இதைப் போட வேண்டும்.

நோரோவைரஸ் மாதிரியானவற்றுக்கு என் தேர்வு பிளீச்தான், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். வீட்டில் ஒருவருக்கு வாந்தி, குளியலறைக் கைப்பிடியை அவரும் மற்றவர்களும் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத பிளீச் 20 மில்லியை எடுத்து, மொத்தம் 1 லிட்டர் வரும்வரை பச்சைத் தண்ணீர் சேர்த்தால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். வெந்நீர் வேண்டாம், குளோரின் சிதைந்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, முதலில் சோப்புத் துணியால் கைப்பிடியை, அடிப்பக்கமும் திருகும் இடமும் சேர்த்து, அழுக்குப் போகத் தேய்க்க வேண்டும். அழுக்கு இருந்தால் குளோரின் அதோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், வைரஸுக்கு மிச்சம் இருக்காது. அப்புறம் தண்ணீர்த் துணி.

அடுத்தது நான் இப்போதெல்லாம் செய்வது: தெளிப்பதில்லை. தெளித்தால் பாதி காற்றில் போகும், மூச்சிலும் ஏறும். ஒரு பழைய துணியைக் கரைசலில் முக்கி, சொட்டச் சொட்ட கைப்பிடியைச் சுற்றிக் கட்டிவிடுகிறேன். 5 நிமிடம் கழித்து அவிழ்க்கும்போது கைப்பிடி முழுக்க ஈரமாகவே இருக்கும், திரும்பத் திரும்பத் தடவ வேண்டிய வேலையும் இல்லை. நீங்கள் வாங்கிய பாட்டிலின் லேபிள் வேறு அளவோ அதிக நேரமோ சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பிறகு தண்ணீரால் நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும், இல்லையென்றால் பித்தளை கறுக்கும், எவர்சில்வரில்கூடச் சின்னச் சின்னப் புள்ளிக்குழி விழும். மிஞ்சிய கரைசலை மறுநாளைக்கு வைக்காதீர்கள், பலம் குறைந்துகொண்டே போகும். கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தோடோ அம்மோனியா உள்ள கிளீனரோடோ பிளீச்சை எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும்.

நனைந்த வைப்ஸ் என்றால் ஒரு தாளால் ஐந்து கதவைத் துடைக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. மூன்றாவது கதவிலேயே தாளில் ஈரம் போதாது. துடைத்தபின் கைப்பிடி மின்னவில்லை என்றால் அந்தத் தாளின் வேலை முடிந்தது, அடுத்ததை எடுக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் அடுத்த கை பட்டதும் கைப்பிடி பழையபடி ஆகிவிடும். அதனால் நோயாளி இருக்கும் வீட்டில் எல்லாக் கதவையும் ஒருமுறை செய்வதைவிட, அவர் அறைக் கதவையும் குளியலறைக் கதவையும் மட்டும் நாளைக்குப் பலமுறை செய்வதையே நான் விரும்புவேன். நோரோவைரஸ் என்றால், வாந்தி நின்று தெம்பான பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கலாம். ஆகவே அந்தக் குளியலறைக் கைப்பிடிக்கு மட்டும் துணி கட்டுவதை அதுவரை நிறுத்த வேண்டாம்.