கார்டை மேசையில் வைப்பதா, உயர்த்தி வைப்பதா?

வங்கி கார்டு எதுவானாலும் நீளம் 85.60 மி.மீ., அகலம் 53.98 மி.மீ. அதனால்தான் ஒரு பொருளின் அளவை போட்டோவிலிருந்து கண்டுபிடிக்க, பக்கத்தில் வைக்க அது நல்ல அளவுகோல்.

20 மி.மீ. உயரமுள்ள ஒரு மூடியின் மேல்விட்டத்தை அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கார்டு மேசையில், கேமரா மேசையிலிருந்து 30 செ.மீ. மேலே. மூடியின் மேற்பரப்பு கேமராவுக்கு நெருக்கம் என்பதால் 40 மி.மீ. விட்டம் கிட்டத்தட்ட 43 ஆகத் தெரியும். கார்டை ஒரு புத்தகத்தின் மேல் வைத்து மூடியின் உயரத்துக்குக் கொண்டுவந்தால் இந்தப் பிழை போய்விடும். நான் எப்போதும் இப்படித்தான் செய்வேன்.

நாணயம், சாவி போன்ற தட்டையான பொருளுக்கு மேசையே போதும். அப்புறம், படத்தில் கார்டின் நீளத்தை அகலத்தால் வகுங்கள், 1.586 வராவிட்டால் கேமரா சாய்ந்திருக்கிறது. கார்டு எண்ணைக் காகிதத்தால் மூடுங்கள், விளிம்புகள் தெரிந்தால் சரி.