16 அங்குல ஆழ புத்தக அலமாரி: ஆறு வருடம் கழித்து

புது வீட்டுக்கு அலமாரி செய்யப்போகும் நண்பர் ஒருவர், என் அலமாரியின் அளவைக் கேட்டிருந்தார். போன வாரம்தான் அதைச் சரிசெய்ய ஆசாரி வந்துவிட்டுப் போனார். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், ஐந்து தட்டு, முக்கால் அங்குல பிளைவுட். இவற்றில் எதுவும் எனக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை ஆழம். "சார், எட்டுக்கு நாலு ஷீட்டுல பதினாறா வெட்டினா மூணு பட்டி வரும், வேஸ்ட்டே ஆகாது" என்றார் ஆசாரி. நானும் தலையாட்டிவிட்டேன். துணி அலமாரி செய்து பழகிய கை. துணிக்கு அந்த ஆழமே போதாது, புத்தகத்துக்கோ பாதிக்கு மேல் மிச்சம்.

நம் தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெமி அளவு. உயரம் 8½ அங்குலம், அகலம் 5½. பழைய நாவல்கள் பல கிரவுன் அளவில், டெமியைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் குட்டையாக இருக்கும். அகராதி, தொகுப்பு நூல் மாதிரி ராயல் அளவில் வருபவை பத்து அங்குலத்தைத் தொடும். ஏ4 அளவுப் புத்தகம்கூட 8¼ அங்குல அகலம்தான். ஆக, எனக்கு 9½ அங்குல ஆழம் தாராளமாகப் போதும். வேடிக்கை என்னவென்றால், அதே 48 அங்குல ஷீட்டை 9½ ஆக வெட்டினால் ஐந்து பட்டி வரும். ரம்பம் தின்னும் மரத்தையும் சேர்த்துக் கணக்கு கச்சிதமாக முடிகிறது. வேஸ்ட் ஆகாது என்ற வாதத்துக்கு இது அன்றைக்கே தெரிந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இடம் சும்மா கிடந்தால் மனசு கேட்குமா? முதல் வருடத்திலேயே முன்வரிசை, பின்வரிசை என்று இரண்டாக அடுக்க ஆரம்பித்தேன். பின்வரிசைக்குப் போன புத்தகம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத புத்தகம் நம்மிடம் இல்லாத புத்தகம். புத்தகக் கண்காட்சியில் ஒரே சிறுகதைத் தொகுப்பை மூன்று முறை வாங்கியிருக்கிறேன். போதாக்குறைக்கு அலமாரி வெளிச்சுவரை ஒட்டி நின்றதால் மழைக்காலத்து ஈரம் பின்வரிசையில் இறங்கி, ராமபாணப் பூச்சி அட்டைகளைச் சுரண்டியிருந்தது. சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்த பிறகுதான் அது குறைந்தது.

தட்டுகளுக்கு நடுவே 15 அங்குல இடைவெளி வேறு. டெமி புத்தகம் நிறுத்தினால் மேலே ஆறரை அங்குலம் காலி. அங்கேயும் படுக்கவைத்து அடுக்கினேன். ஓரடி நீளத்துக்கு டெமி புத்தகம் அடுக்கினாலே ஆறு கிலோவுக்கு மேல் வரும். இரண்டு வரிசை, மேலே படுத்தவை எல்லாம் சேர்ந்து ஒரு தட்டில் ஐம்பது கிலோ. நடுத்தட்டு தொட்டில் மாதிரி தொய்ந்துவிட்டது. பார்வைக்குத் தெரியாமல் தொடங்கும். தட்டின் முன்விளிம்பில் நூல் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்குக் கால் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது.

போன வாரம் ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் ஒரு நிற்கும் பலகை கொடுத்தாயிற்று. தாங்கல்களுக்கு இடையிலான தூரம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். தட்டைத் தடிமனாக்கச் செலவழிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆசாரியிடம் கோபப்பட நினைத்திருந்தேன். அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே, "பின்னாடி கொலுப்படி மாதிரி ஒண்ணு போட்டுத் தரட்டுமா சார்?" என்றார். மிச்சம் கிடந்த துண்டுகளில் நாலரை அங்குல உயரத்துக்குப் படி செய்து வைத்தார். பின்வரிசை அதன் மேல் ஏறியதும், ஆறு வருடமாகக் காணாமல் போயிருந்த தலைப்புகள் முன்வரிசைக்கு மேலே எட்டிப்பார்த்தன. அந்த வீணாய்ப்போன 15 அங்குல இடைவெளி இருந்ததால்தான் இது முடிந்தது!

சரி, குறை தீர்ந்ததா என்றால், இல்லை. தலைப்பு தெரிகிறது, புத்தகம் வராது. மேலே தூக்கினால் தட்டில் இடிக்கும். முன்னால் இரண்டு புத்தகத்தை எடுத்துவைத்துவிட்டுத்தான் உருவ வேண்டும். தினமும் எரிச்சல்தான்.

நண்பருக்கு என் அளவு: ஆழம் 9½. கீழ்த்தட்டு 13 அங்குலம், அதற்கு மேல் ராயலுக்கு 11, மிச்சம் எல்லாம் பத்து. புத்தகத்துக்கு மேல் விரல் நுழைய ஓர் அங்குலமாவது வேண்டும். இப்படி வைத்தால் ஏழடியில் ஏழு தட்டு கிடைக்கும். இரண்டடிக்கு ஒரு தாங்கல் கொடுங்கள்.

என் அலமாரியில் இப்போது பத்து வரிசை நிற்கிறது. மாற்றித் தரட்டுமா என்று ஆசாரி கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். நீங்கள் மட்டும் 16 வைத்துவிடாதீர்கள்.