பட்டறை பில்லில் சேவை வரி: பதியாமல் இருப்பதா, முன்கூட்டியே பதிவதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் லாரியும் டிராக்டரும் பழுதுபார்க்கும் பட்டறைக்காரர், வருமானம் பதிவுக்கான எல்லைக்குள் இருக்கும்போதே சேவை வரிக்குப் பதிந்துகொள்ளலாமா, எல்லை தாண்டும் வரை காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு, காத்திருப்பதே நல்லது என்பது என் முடிவு. ஆனால் அதற்கு பில்லை ஒழுங்காக எழுத வேண்டும்.

பழுதுபார்ப்புச் சேவைக்கான எல்லை 12 மாதத்தில் 5 லட்சம் ரிங்கிட். இதில் சேர்வது கூலி மட்டுமே. தனியாக விலை போட்டு விற்ற உதிரிப்பாகங்கள் சேராது. எனவே மொத்த விற்பனை 6 லட்சமாக இருந்தாலும், கூலி 2 லட்சத்து 60 ஆயிரம் என்றால் பதியும் கடமை இல்லை. "லாரி ரிப்பேர், 900 ரிங்கிட்" என்று ஒரே வரியில் எழுதியவர் இதை நிரூபிக்கத் திணறுவார். ஆகவே பேரிங், எண்ணெய் 640, கூலி 260 என்று பிரித்தே எழுத வேண்டும்.

பதியாதவரின் பில்லில் கடைப் பெயர், நிறுவனப் பதிவு எண், தேதி, வரிசை எண், விவரம், தொகை ஆகியவை இருந்தால் போதும். "சேவை வரி 8%" என்றோ "வரி உட்பட" என்றோ எழுதக் கூடாது. பதியாதவருக்கு வரி என்ற பெயரில் பணம் வாங்க உரிமையில்லை.

தாமாக முன்வந்து பதிந்தால் அதே வேலைக்கு 260-இன் 8 விழுக்காடான 20.80 சேர்ந்து பில் 920.80 ஆகிவிடும். ஜி.எஸ்.டி. காலத்தில் முன்கூட்டியே பதிவதில் பயன் இருந்தது: தாம் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைப் பட்டறைக்காரர் திரும்பக் கோரலாம், பதிந்த தோட்ட நிறுவனமும் கோரலாம். 2018 செப்டம்பரில் வந்த சேவை வரியில் அந்த வழி இல்லை, அந்த 20.80 வாடிக்கையாளருக்கு வெறும் கூடுதல் செலவு. போதாக்குறைக்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை SST-02 படிவத்தில் வரிக் கணக்கு வேறு கொடுக்க வேண்டும். பெரிய நிறுவனம் பதிவு எண் இல்லாமல் வேலை தர மறுத்தால் மட்டுமே இந்தச் சுமையை ஏற்பதில் பொருளுண்டு.

காத்திருப்பவர் தவறுவது பெரும்பாலும் தேதியில்தான். 12 மாதம் என்பது நாட்காட்டி ஆண்டு அல்ல. ஒவ்வொரு மாத முடிவிலும் அந்த மாதத்தையும் முந்தைய 11 மாதங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மார்ச் முடிவில் கூலி 5 லட்சத்து 3 ஆயிரம் என்றால், ஏப்ரல் 30-க்குள் சுங்கத் துறையின் MySST தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; வரி வசூல் மே 1 முதல். ஏப்ரல் பில்களில் வரி சேர்க்கக் கூடாது. தோட்டத்தோடு பெரிய ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்த மாதமும் அடுத்த 11 மாதங்களும் சேர்ந்து எல்லையைத் தாண்டும் என்று தெரிந்தால், கையெழுத்தான மாதத்திலிருந்தே இந்தக் கெடு ஓடத் தொடங்கும். ஆண்டுக் கணக்கு முடியட்டும் என்று விட்டுவிட்டால், மே முதல் வாங்காமல் போன வரியைக் கைக்காசிலிருந்து கட்ட நேரும். பழைய பில்லைக் காட்டி வாடிக்கையாளரிடம் இப்போது கேட்பது எளிதல்ல.