எட்டு பேனல், ஒரே வரிசை: மன்னார்குடி பக்கம் ஒரு மாடியில் ஆறு வருடம்

கஜா புயல் 2018 நவம்பரில் வீட்டைச் சுற்றி நின்ற தென்னைகளில் பாதிக்கு மேல் சாய்த்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த இருட்டில் முடிவு செய்ததுதான் சோலார். மரங்கள் போனதில் மொட்டை மாடி முழுக்க வெயில், அதனால் இடம் தேடும் வேலையே இருக்கவில்லை. மறு வருடம் 330 வாட் பேனல் எட்டு, பேட்டரியோடு ஓடும் ஒரு ஹைபிரிட் இன்வெர்ட்டர் போட்டோம். இன்வெர்ட்டர் எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வந்தது அந்த எட்டு பேனலையும் எப்படிக் கோத்தோம், நடுவில் ஏன் மாற்றினோம், ஏன் பழையபடியே திரும்பினோம் என்பதை.

பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளில் நான்கு எண்கள் முக்கியம். என் பேனலில் Voc 45.8 வோல்ட், Vmp 37.6 வோல்ட், Isc 9.30 ஆம்பியர், Imp 8.78 ஆம்பியர். முதலாவது, ஒயரை எதிலும் மாட்டாமல் சும்மா வெயிலில் வைத்தால் வரும் வோல்ட். இரண்டாவது, பேனல் முழு வேலை செய்யும்போது இருக்கும் வோல்ட். ஆம்பியரிலும் அப்படித்தான்: Isc இரண்டு முனையையும் நேரடியாக இணைத்தால் ஓடுவது, Imp வேலை செய்யும்போது ஓடுவது. 37.6-ஐ 8.78-ஆல் பெருக்கினால் 330 வாட் வந்துவிடும்.

எட்டையும் சீரீஸில், அதாவது ஒன்றின் பிளஸை அடுத்ததன் மைனஸில் கோத்துக்கொண்டே போனால் வோல்ட் கூடும், ஆம்பியர் ஏறாது. வேலை வோல்ட் 37.6 × 8 = 300.8, ஆம்பியர் அதே 8.78, பவர் 2640 வாட். சும்மா இருக்கும் வோல்ட் 366.4. இன்வெர்ட்டர் தாங்கும் உச்சம் 500 வோல்ட், அது வேலை செய்யும் எல்லை 120 முதல் 450 வரை. குளிரில் பேனலின் வோல்ட் ஏறும் என்பதால் உச்ச வரம்பைப் பார்க்கும்போது மார்கழி விடியலைக் கணக்கில் எடுக்க வேண்டும். நம் பக்கம் அது 20 டிகிரிக்கு அருகில்தான் நிற்கும், அதனால் 372 வோல்ட்டைத் தாண்டாது. டெல்டாவில் பயப்பட வேண்டியது குளிருக்கு அல்ல, வெயிலுக்கு. அது பின்னால் வருகிறது.

முதல் சித்திரையில் இன்வெர்ட்டர் திரையைப் பார்த்து எனக்கு ஏமாற்றம். 2640 வாட் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவனுக்கு உச்சி வேளையில் 259 வோல்ட், 7.4 ஆம்பியர், 1900 வாட் சொச்சம்தான் தெரிந்தது. பேனலில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கோளாறு ஒன்றும் இல்லை. தாளில் இருக்கும் எண்கள் 25 டிகிரி பேனல் சூட்டில், ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலில் எடுத்தவை. நம் மாடியில் பேனல் 60 டிகிரிக்குப் போய்விடுகிறது. ஒரு டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் குறைவு என்றால் 35 டிகிரிக்கு 14 சதவீதம். 300.8-இல் 14 சதவீதம் போனால் 259. ஆம்பியர் 7.4 என்றால் வெயில் 85 சதவீத அளவுக்கு இருந்தது என்று அர்த்தம். வோல்ட்டைப் பார்த்தால் சூடும், ஆம்பியரைப் பார்த்தால் வெயிலும் தெரிகிறது. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து யூனிட் கணக்கைவிட இந்த இரண்டு எண்களைத்தான் நோட்டில் எழுதி வருகிறேன்.

ஒரு எச்சரிக்கை. பேட்டரி நிரம்பி வீட்டிலும் லோடு இல்லையென்றால், இன்வெர்ட்டர் தானாகவே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். அப்போது திரையில் 310 வோல்ட், 1 ஆம்பியர் என்று தெரியும். அது பழுது அல்ல. பார்ப்பதற்கு முன் மோட்டாரையோ மிக்ஸியையோ ஓடவிட்டுப் பாருங்கள்.

கஜாவுக்குப் பின் நட்ட தென்னங்கன்றுகள் 2023-இல் மாடியை எட்டின. மதியம் மூன்றரைக்கு ஒரு மட்டையின் நிழல் கடைசி பேனலின் ஓரத்தில் விழ ஆரம்பித்தது. சீரீஸில் ஆம்பியர் எல்லா பேனலுக்கும் ஒன்றே. வாய்க்காலில் ஒரு இடத்தில் மண் மேடு தட்டினால் கடைமடைக்கும் அவ்வளவு தண்ணீர்தான் என்பதைப் போல. ஆனால் பேனல் செய்பவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பின்னால் இருக்கும் கறுப்புப் பெட்டிக்குள் மூன்று பைபாஸ் டயோடுகள். பேனலின் 72 செல்களும் 24 வீதம் மூன்று பங்காகப் பிரிந்திருக்கும். ஒரு பங்கில் நிழல் விழுந்தால் அந்த டயோடு வழி திறந்து மின்சாரத்தைச் சுற்றி அனுப்பிவிடும். நமக்கு அந்தப் பங்கின் வோல்ட் மட்டும் நஷ்டம், வெயில் சூட்டில் அது 11 வோல்ட் அளவு. பெரும்பாலான நாட்களில் எனக்கு நடந்ததும் அதுதான்.

சில நாட்களில் மட்டும் வேறு மாதிரி. வோல்ட் 290-க்கு ஏறி, ஆம்பியர் 3-க்கு இறங்கி நிற்கும். பவர் 870 வாட். பவர் அதிகம் வரும் வோல்ட் எது என்று இன்வெர்ட்டர் தேடும்போது, நிழல் பட்ட செல்லும் சேர்ந்து ஓடும் பவர் குறைந்த இடத்திலேயே திருப்தி அடைந்து நின்றுவிடுகிறது. டிசி ஸ்விட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்து தேடி, சரியான இடத்துக்கு வந்துவிடும்.

இதைச் சொன்னபோது ஒயரிங் தம்பி சொன்ன வைத்தியம்: "நாலு நாலா பிரிச்சு பேரலல்ல போட்டுருவோம்ணே. ஒரு பக்கம் நிழல் விழுந்தா இன்னொரு பக்கம் ஓடும்." கேட்க நியாயமாக இருந்தது. கணக்கும் போட்டோம். நான்கு பேனல் சீரீஸில் 150.4 வோல்ட், 8.78 ஆம்பியர். அப்படி இரண்டு வரிசையை பேரலலில், அதாவது பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று சேர்த்தால் வோல்ட் அதே 150.4, ஆம்பியர் இரண்டு மடங்காகி 17.56. பெருக்கினால் அதே 2640 வாட். இன்வெர்ட்டரின் உள்ளீட்டு வரம்பு 18 ஆம்பியர், நூலிழையில் உள்ளே வந்தது. இரண்டே வரிசை என்பதால் வரிசைக்கு ஒரு ஃப்யூஸ் தேவைப்படவில்லை. ஒன்று பழுதானால் மற்றொன்றிலிருந்து பின்னால் பாயக்கூடியது 9.3 ஆம்பியர்தான், பேனல் 15 ஆம்பியர் ஃப்யூஸ் வரை தாங்கும் என்று தாளிலேயே இருந்தது. மூன்று வரிசை என்றால் ஃப்யூஸ் இல்லாமல் சேர்க்கக் கூடாது. சேர்க்கும் முன் இரண்டு வரிசையின் பிளஸ் மைனஸையும் மீட்டர் வைத்துப் பார்த்தோம். ஒன்று தலைகீழாக இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஷார்ட் ஆகிவிடும்.

2024 ஏப்ரல் முழுக்க அப்படி ஓட்டினேன். நோட்டில் எழுதியது: நாளுக்கு சராசரி 11 யூனிட் வந்த இடத்தில் பத்தேகால். காரணம் இரண்டு. ஒன்று, அந்தக் கத்திரி வெயிலுக்கு முந்தைய மாதத்திலேயே பேனல் சூடு 65 டிகிரி தொட்டது. 150.4-இல் 16 சதவீதம் கழித்தால் 126 வோல்ட். இன்வெர்ட்டரின் கீழ் வரம்பு 120. நிழல் விழுந்த வரிசைக்கு இன்னும் 11 வோல்ட் குறைந்து 115 தேவைப்பட்டது. இன்வெர்ட்டரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. பேரலலில் இரண்டு வரிசைக்கும் வோல்ட் ஒன்றுதான் என்பதால், நல்ல வரிசையின் 126-இலேயே நிழல் வரிசையும் நிற்க வேண்டியிருந்தது. தனக்குரிய இடத்தைவிட மேலே நின்ற அது ஆம்பியரைக் குறைத்துக்கொண்டது. அதாவது நிழல் தொல்லை தீரவில்லை, இடம் மாறியது.

இரண்டாவது, ஒயர். மாடியிலிருந்து இன்வெர்ட்டர் வரை 20 மீட்டர், போக வர 40. நான்கு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு அந்த நீளத்தில் சுமார் 0.2 ஓம். 8.78 ஆம்பியரில் அதில் வீணாவது 15 வாட். 17.56-இல் 62 வாட். ஆம்பியர் இரண்டு மடங்கானால் ஒயரில் வீணாவது நான்கு மடங்கு. பெரிய தொகை இல்லை, ஆனால் சும்மா ஏன் கொடுக்க வேண்டும்? மே முதல் வாரம் எட்டையும் சீரீஸுக்கே மாற்றினோம். அப்புறம் அந்த மட்டையை வெட்டினேன். முதலிலேயே அரிவாளை எடுத்திருக்கலாம். இன்வெர்ட்டரில் இரண்டு தனித்தனி உள்ளீடு இருந்தால் நாலு நாலாகப் பிரிப்பது வேறு கதை, அங்கே ஒவ்வொரு வரிசைக்கும் தன் வோல்ட் கிடைக்கும். என்னுடையதில் ஒன்றுதான்.

நிழலைவிட நான் லேசாக எடுத்துக்கொண்டது தூசி. சம்பா அறுவடை மெஷின் ஓடும் தை, மாசியில் பேனலின் கீழ் விளிம்பில் ஒரு விரல்கடை அகலத்துக்குப் பட்டையாகப் படியும். பேனல்களின் நீளப் பக்கம் மேலும் கீழுமாக இருக்கும்படி வைத்திருப்பதால் அந்த ஒரு பட்டை மூன்று பங்கையும் சேர்த்து மறைக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சோர்ந்தால் எந்த டயோடாலும் பெரிய உதவி இல்லை. வெயில் நன்றாக அடித்தும் ஆம்பியர் 6-ஐத் தாண்டாத நாளில், விளிம்பைத் துணியால் துடைத்ததும் 7-க்கு மேல் போனது. மற்ற இடம் தூசியாக இருந்தால்கூட இந்த விளிம்பை மட்டும் விடுவதில்லை.

போன ஐப்பசி மழைக்குப் பின் நோட்டில் ஒரு மாற்றம். ஆம்பியர் வழக்கம்போல, வோல்ட் மட்டும் 259 இருக்க வேண்டிய சூட்டில் 248. யூனிட்டில் பார்த்தால் நாலு சதவீதம், மேகம் என்று விட்டிருப்பேன். டிசி ஸ்விட்சை அணைத்து, ஒயரில் ஆம்பியர் பூஜ்யம் என்று கிளாம்ப் மீட்டரில் உறுதி செய்த பிறகுதான் கனெக்டரைப் பிரித்தோம். லோடு ஓடும்போது பிரித்தால் டிசி தீப்பொறி அணையாமல் இழுத்துக்கொண்டு நிற்கும், கை போய்விடும். ஒவ்வொரு பேனலாக மீட்டர் வைத்தோம். ஏழு பேனல் 40 வோல்ட் காட்டின. ஆறாவது 27. சரியாக மூன்றில் ஒரு பங்கைக் காணோம். ஒரு டயோடு ஷார்ட் ஆகி, நிழல் இல்லாமலேயே வழி திறந்து கிடக்கிறது. அந்த மழையில் இடி பலமாக இருந்தது, என் சந்தேகம் அதன் மேல்தான். பெட்டி பசை ஊற்றி மூடியது, திறக்க வழியில்லை. அப்படியே விட்டிருக்கிறேன், மற்ற ஏழும் பாதிக்கப்படவில்லை.

அந்த ஒன்றை எடுத்துவிட்டுப் புதிதாக 540 வாட் பேனல் போடச் சொல்கிறார் மச்சான். கடையில் இப்போது பழைய 330 கிடைப்பதும் இல்லை. அதன் Imp 13 ஆம்பியர். என் வரிசையில் கோத்தால் மற்ற ஏழும் 8.78-க்கு மேல் விடாது, அதுவும் அங்கேயே நின்று 370 வாட் அளவுக்குத்தான் தரும். தனியாக பேரலலில் போடலாம் என்றால் அதற்கு 41 வோல்ட், வரிசைக்கு 300. ஒத்துவராது. அதனால் 330 வாட் பழைய பேனல் எங்காவது கழற்றியது கிடைத்தால் சொல்லச் சொல்லியிருக்கிறேன். Imp 8.7-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், வோல்ட் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.