கணக்கெடுப்பாளர் பயிற்சி: பைலட் கடைசி நாளிலா, நடுவிலா?

கிராமத்தில் வீடு வீடாகப் போய் சர்வே எடுப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதில் இரண்டு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஐந்தாறு நாள் மண்டபத்தில் உட்காரவைத்துக் கேள்வித்தாள் முழுவதையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசி நாள் ஒரு ஊருக்குக் கூட்டிப்போய் பைலட் எனப்படும் ஒத்திகை பார்த்து, மறுநாளே வேலையைத் தொடங்கிவிடுவது ஒன்று. மூன்று நாள் பாடம், அப்புறம் கிராமம், திரும்பி வந்து கேள்வித்தாளைத் திருத்திவிட்டு மறுபடி பாடம், மறுபடி கிராமம் என்று போவது இன்னொன்று. முதல் வழியில் செலவு குறைவு, தேதி போட்டுக்கொடுப்பதும் சுலபம். நான் இரண்டாவது கட்சி.

பேச்சுக்குத் திருவாரூர் பக்கம் 600 வீடுகள், ஒரு மணி நேரக் கேள்வித்தாள், 12 கணக்கெடுப்பாளர்கள், 3 மேற்பார்வையாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலம், சாகுபடி, சாப்பாட்டுச் செலவு, கடன் எல்லாம் கேட்க வேண்டும். ஆளுக்கு 50 வீடு, ஒரு நாளைக்கு நாலு வீடு முடிப்பார்கள்.

முதல் சிக்கல் குடும்பம் என்றால் யார் என்பதிலேயே தொடங்கும். ஒன்றாக வசித்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பதுதான் இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வும் பயன்படுத்துகிற வரையறை. மண்டபத்தில் இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கிராமத்துக்குப் போனால் ஒரே கூரைக்குள் இரண்டு ரேஷன் கார்டு இருக்கும், அடுப்பு ஒன்றாக இருக்கும். பக்கத்து வீட்டில் கார்டு ஒன்று, ஆனால் மூத்த மகன் தனி அடுப்பு போட்டு ஒரு வருடம் ஆகியிருக்கும், அம்மா காலையில் பெரியவன் வீட்டில், ராத்திரி சின்னவன் வீட்டில். இந்த இடத்தில் புதுக் கணக்கெடுப்பாளர் செய்கிற வேலை ஒன்றுதான்: "ஸ்மார்ட் கார்டு இருந்தா காட்டுங்கம்மா" என்று வாங்கி, அதில் இருக்கிற பெயர்களை அப்படியே ஏற்றிவிடுவார். கல்யாணமாகி மன்னார்குடிக்குப் போன மகள் பட்டியலில் இருப்பாள், வீட்டுக்கு வந்த மருமகள் இருக்க மாட்டாள். இப்படி நடந்திருக்கிறதா என்று பார்க்க, 20 வயது தாண்டிய மகள்களும் மருமகள்களும் எத்தனை பேர் என்று ஆள்வாரியாக எண்ணிப் பார்த்தால் போதும், ஒருவரிடம் மட்டும் மருமகளே வராமல் மகள்கள் குவிந்திருந்தால் அவர் கார்டைப் பார்த்து எழுதுகிறார்.

கடைசி நாள் பைலட்டிலும் இது தெரியத்தான் செய்யும். ஆனால் தெரிகிற நேரம் மாலை ஆறு மணி, எல்லோரும் களைத்திருக்கிறார்கள், இது போல இன்னும் இருபது விஷயம் வரிசையில் நிற்கிறது, மறுநாள் காலை வண்டி புறப்பட வேண்டும். "கார்டைப் பாத்து எழுதாதீங்க, கேட்டு எழுதுங்க" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். நடுவில் போய்வந்த குழுவுக்கு மறுநாள் காலை முழுவதும் இருக்கிறது. நேற்று பார்த்த அந்த அம்மாவையே எடுத்துக்கொண்டு, அவர் எந்தக் குடும்பத்தில் சேர்த்தி என்று ஒரு மணி நேரம் சண்டை போடலாம், ஒரு விதியை முடிவு செய்து கையேட்டில் எழுதலாம். மற்றதெல்லாம் மறந்தாலும் அந்தச் சண்டை மறக்காது.

பயிற்சியால் மட்டும் தீராத, கேள்வியையே மாற்றவேண்டிய விஷயங்களில்தான் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் குற்றமே சொல்ல முடியாத கேள்வி, வாசலில் இப்படிப் போகும்:

"போன 30 நாள்ல வீட்டுல எவ்வளவு அரிசி செலவாச்சு அக்கா?"

"ரேஷன்ல இருபது கிலோ வாங்குனேன் தம்பி."

தம்பி 20 என்று தட்டிவிட்டு பருப்புக்குப் போய்விடுகிறார். அந்த அக்கா வாங்கினதைத்தான் சொன்னார், சாப்பிட்டதை இல்லை. பக்கத்தில் நிற்கும் மேற்பார்வையாளர் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் மீதி வரும்: ரேஷன் அரிசி இட்லி மாவுக்கும் கோழிக்கும், சோற்றுக்கு வயல் நெல்லை அரைத்துக்கொள்கிறார்கள், விருந்தாளி வந்தால் கடை அரிசி. அப்படியானால் கேள்வியை ரேஷன், சொந்த விளைச்சல், கடை என்று மூன்றாக உடைத்து, வந்தது எவ்வளவு, வீட்டில் சாப்பிட்டது எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேள்வித்தாளை மாற்றினால் டேப்லெட் படிவத்தை மாற்ற வேண்டும், மாற்றியதை மறுபடி வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டும். மறுநாள் வேலை தொடங்குகிற திட்டத்தில் இதற்கு எங்கே இடம்?

அளவுகளும் இதே ரகம். டெல்டாவில் பலர் நிலத்தை மா கணக்கில் சொல்வார்கள். 100 குழி ஒரு மா, சுமார் 33 சென்ட். படிவத்தில் ஏக்கரும் சென்டும் மட்டும் இருந்தால் கணக்கெடுப்பாளர் மனக்கணக்குப் போட்டு எழுதுவார், அதில் ஒவ்வொருவர் கணக்கு ஒரு மாதிரி. நெல்லில் இன்னும் மோசம். "ஏக்கருக்கு 40 மூட்டை" என்றால் கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பமா, வியாபாரி எடுக்கும் 60 கிலோ மூட்டையா? ஒன்றில் 1,600 கிலோ, இன்னொன்றில் 2,400 கிலோ. இரண்டுமே நம்பக்கூடிய விளைச்சல்தான், அதனால் மென்பொருளில் நீங்கள் போட்டுவைத்த உச்ச வரம்பு இதைப் பிடிக்காது. மூட்டை என்று சொன்னால் யாருக்கு விற்றீர்கள், ஒரு மூட்டை எத்தனை கிலோ என்று கேட்கிற துணைக் கேள்வி இருந்தால்தான் பிடிபடும். உட்கார்ந்த இடத்தில் இந்தத் துணைக் கேள்வி யாருக்கும் தோன்றாது.

ஆள் எடுப்பதிலும் பைலட்டின் இடம் முக்கியம். அந்த ஊர்க்காரர்களையே எடுப்பதா, வெளியூரில் பழகிய ஆட்களைக் கொண்டுவருவதா என்று எப்போதும் விவாதம் நடக்கும். ஊர்க்காரருக்கு மாவும் குழியும் சொல்லித்தர வேண்டாம், பேச்சும் ஒட்டும். ஆனால் சுயஉதவிக் குழுக் கடனையும் அடகு வைத்த நகையையும் பக்கத்துத் தெரு பையனிடம் யார் சொல்வார்கள்? அதைவிட ஆபத்து, "அவங்க வீட்டைப் பத்தி எனக்குத் தெரியாதா" என்று கேட்காமலே நிரப்பிவிடுவது. சில தெருக்களுக்குள் போகத் தயங்குவதும் உண்டு, அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், அந்தத் தெரு வீடுகள் மட்டும் 'பூட்டியிருந்தது' என்று வரும். வெளியூர் ஆட்களிடம் இந்தத் தொல்லை குறைவு, வேகமும் அதிகம், அந்த வேகமே சிக்கல்: போன சர்வேயின் பழக்கத்தில் கேள்வியைச் சுருக்கிக் கேட்பார்கள். நான் போடுவது அதே மாவட்டம், வேறு ஒன்றியம். பாதிக்கு மேல் பெண்கள், அதற்கேற்ப வண்டி ஏற்பாடு.

எப்படி எடுத்தாலும் 12 பேர் தேவையென்றால் 15 பேருக்குப் பயிற்சி கொடுங்கள், முதல் கிராமத்துக்குப் பிறகு கழியுங்கள். பதில்களை முன்பே எழுதிவைத்து, பயிற்சியாளர் வீட்டுக்காரர் போல நடிக்க, 15 பேரும் ஒரே நேரத்தில் பதிவு செய்து, விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பரீட்சை. ஆனால் அதில் முதலாவதாக வந்தவர் வாசலில் நின்று பேசத் தெரியாமல் தடுமாறுவதும் நடக்கும். கடைசி நாளில்தான் இது தெரிகிறது என்றால் யாரையும் கழிக்க முடியாது, அவரையும் சேர்த்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

முதல் பைலட் காகிதத்திலா டேப்லெட்டிலா? காகிதம். ஓரத்தில் "இவங்க மாசக் கணக்கு சொல்லல, போகக் கணக்கு சொல்றாங்க" என்று கிறுக்க இடம் இருக்கிறது, அந்தக் கிறுக்கல்கள்தான் திருத்தத்துக்கு மூலப்பொருள். டேப்லெட் எண் மட்டும் கேட்கும், வேறு வழியில்லாமல் ஒரு எண்ணைப் போட்டுவிடுவார்கள். இரண்டாவது பைலட் முழுக்க டேப்லெட்டில், அதன் பிறகு படிவத்தைப் பூட்டிவிட வேண்டும். வேலை நடுவில் புதுப் பதிப்பு அனுப்பினால், சிக்னல் இல்லாத ஊரில் இருப்பவர்கள் இரண்டு நாள் பழைய படிவத்திலேயே எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு விதக் கேள்விகளில் எது நல்லது என்று பைலட்டில் பார்ப்பதாக இருந்தால், ஒரே வீட்டில் இரண்டையும் கேட்காதீர்கள். தேசிய மாதிரி ஆய்வே இதில் மாட்டியிருக்கிறது. 1990களில் தனித்தனி வீடுகளில் கேட்டுப் பார்த்தபோது, போன 7 நாள் செலவைக் கேட்டு மாதத்துக்குக் கணக்குப் போட்ட உணவுச் செலவு, போன 30 நாள் செலவைக் கேட்டதைவிடச் சுமார் 30 சதவீதம் அதிகமாக வந்தது. 1999-2000இல் நடந்த 55வது சுற்றில் ஒரே வீட்டில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் கேட்டார்கள், ஒரு பதில் இன்னொன்றை இழுத்துக்கொண்டது, இடைவெளி பெருமளவு மறைந்தது. அந்த எண்களை வைத்து வறுமை எவ்வளவு குறைந்தது என்று பொருளாதார வல்லுநர்கள் பல வருடம் விவாதித்தார்கள். பைலட்டில் பாதி வீட்டுக்கு ஒரு விதம், பாதி வீட்டுக்கு மற்றது, அவ்வளவுதான்.

ஊர் தேர்விலும் கடைசி நாள் பைலட் சறுக்கும். ஒரே நாள்தான் என்பதால் மண்டபத்துக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டில், மதியச் சாப்பாடு கிடைக்கிற ஊராகப் பார்த்துப் போவார்கள். அங்கே இருப்பவர்கள் சர்வேக்குப் பழகியவர்கள், கேள்வி முடிவதற்குள் பதில் வரும். உங்கள் 600 வீட்டில் பாதி கடைமடையில் இருக்கும். மாதிரியில் இல்லாத, ஆனால் அதே சாயல் உள்ள ஊர் வேண்டும். காலை ஏழரைக்குள் போனால்தான் நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் கிளம்புவதற்கு முன் ஆளைப் பிடிக்கலாம் என்பதும் அங்கேதான் தெரியும்.

நடுவில் பைலட் வைத்தாலும் பிடிபடாதது ஒன்று உண்டு, குறுக்குவழி. 'கடன் உண்டா' என்பதற்கு 'ஆம்' என்று போட்டால் பதினைந்து கேள்வி திறக்கும், 'இல்லை' என்றால் அடுத்த பகுதி. இதை ஆட்கள் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும். உலகம் முழுக்க நடக்கிற பெண்கள் உடல்நல ஆய்வுகளில் 49 வயது வரை உள்ளவர்களிடம்தான் பேட்டி என்பதால், 49 வயதுக்காரரை 50 என்று எழுதி நீண்ட பேட்டியைத் தவிர்ப்பது தெரிந்த விஷயம். இதற்குப் பயிற்சி மருந்தில்லை. ஆள்வாரியாக 'இல்லை' விகிதம் நாள் போகப் போக ஏறுகிறதா என்று பார்ப்பதும், பத்தில் ஒரு வீட்டுக்காவது வேறு ஆள் போய்ச் சில கேள்விகளை மறுபடி கேட்பதும்தான் வழி.

கடைசி நாள் பைலட் போதும் என்கிற இடம்? அதே கேள்வித்தாள், அதே ஊர்கள், முக்கால்வாசி அதே ஆட்கள் என்று இரண்டாம் சுற்று போகும்போது தாராளமாகப் போதும். பதினைந்து நிமிடத்தில் முடிகிற சின்னப் படிவத்துக்கும் போதும். அப்போதும் பைலட்டுக்கும் வேலை தொடங்கும் நாளுக்கும் நடுவே இரண்டு நாள் காலியாக விடச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகு கேட்டால் கிடைக்காது.