இரண்டு வருடம் ஆகியும் அந்த அம்புக்குறி மேல் கோபம் போகவில்லை

சொந்தக்காரப் பையன் ஒருவன் பம்ப் உதிரிபாக வியாபாரத்துக்குப் புதிதாகக் குடோன் எடுத்திருக்கிறான். "அண்ணா, உங்க குடோன்ல ராக்குக்கு நம்பர் போட்ட மாதிரியே நானும் போட்டுக்கட்டுங்களா?" என்று போன வாரம் கேட்டான். தாராளமாகப் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே பொள்ளாச்சியிலிருந்து ஒரு பார்சல் திரும்பி வந்தது. அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

04-12-B-03 என்றால் நான்காவது நடைபாதை, பன்னிரண்டாவது ராக், கீழிருந்து இரண்டாவது தட்டு, மூன்றாவது பெட்டி. முன்பெல்லாம் "பேரிங் ராக்", "ஜன்னலோரம்" என்றுதான் பெயர். பேரிங் பெருகிப் பக்கத்து ராக்குக்குப் போனதும் அது "பேரிங் ராக் ரெண்டு" ஆனது, அதில் பாதி மெக்கானிக்கல் சீல் கிடந்தது. ஸ்டோர் கீப்பர் அண்ணன் லீவு போட்டால் பில் போட்ட சரக்கு நகராது. இப்போது வேலைக்குச் சேர்ந்த பையன் மூன்றாம் நாளே யாரையும் கேட்காமல் எடுத்து வருகிறான்.

தட்டைக் கீழிருந்து எண்ணியது நல்லதாகப் போயிற்று. தரை A. போன வருடம் எல்லா ராக்குக்கும் மேலே ஒரு தட்டு கூட்டினோம், அது E ஆனது, அவ்வளவுதான். மேலிருந்து எண்ணியிருந்தால் அத்தனை ஸ்டிக்கரையும் உரித்திருக்க வேண்டும். தெருவில் வீட்டு எண் போல இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை என்று வைத்ததும் சரி. ஒரே நடையில் இரண்டு பக்கமும் முடிந்துவிடும். முதலில் 2 என்று போட்டதை 02 ஆக்க வேண்டி வந்தது. நாங்கள் அதை எழுத்தாகத்தான் பதிந்திருந்தோம், அதனால் எக்செல் 1, 10, 11, அப்புறம்தான் 2 என்று வரிசைப்படுத்தியது. லிஸ்ட்டைப் பார்த்து நடந்த பையன்கள் ஒரே நடைபாதையில் போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

சரி, இப்போது என் தலைவலிக்கு வருகிறேன். ராக்கில் தட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்தான் பீம். B-யின் சரக்கு முதல் பீமின் மேல் உட்காரும். C-யின் சரக்கு இரண்டாவது பீமின் மேல். ஸ்டிக்கரை அந்தந்த பீமில் ஒட்டினால் போதும். ஆனால் A-வின் சரக்கு தரையில் இருக்கிறது, அதற்கென்று பீம் கிடையாது. அதனால் A-வின் ஸ்டிக்கரும் முதல் பீமில்தான். ஒரே பீமில் இரண்டு ஸ்டிக்கர்: ஒன்றுக்கு மேல்நோக்கி அம்பு, இன்னொன்றுக்குக் கீழ்நோக்கி. அச்சடித்தவர் இரண்டையும் ஒரே வெள்ளையில் கொடுத்தார், நானும் வாங்கி ஒட்டினேன். அவசரத்தில் எவன் அம்பைப் பார்ப்பான்?

பொள்ளாச்சிக்குப் போனது அப்படித்தான். கேட்டது 6203 2RS, ரப்பர் சீல் போட்டது. போனது 6203 ZZ, இரும்பு மூடி. உள்விட்டம் 17 மில்லி, வெளிவிட்டம் 40, இரண்டுக்கும் ஒன்றே. டப்பாவும் ஏறக்குறைய ஒரே மாதிரி, கடைசி எழுத்துகள் மட்டும் வேறு. தண்ணீர் தெறிக்கிற இடத்தில் ZZ தாங்காது என்று மெக்கானிக் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டையும் A, B என்று மேலும் கீழும் வைத்தது என் புத்தி.

குற்றம் அம்பில்தான் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. ஸ்டாக் எடுக்கும்போது ஒரு ராக்கில் A-யில் பத்து குறையும், அதே ராக்கின் B-யில் பத்து கூடும். C, D-யில் இந்த ஜோடிக் கணக்கு வரவே இல்லை. திருட்டாக இருந்தால் குறைய மட்டும்தானே செய்யும்!

A-வுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் போட்டதும் பாதி குறைந்தது. தூணின் அடியில் ஒட்டிப் பார்த்தேன், டிராலி உரசி ஒரு மாதத்தில் கிழிந்தது. தரையில் ஒட்டினால் பேலட் மறைக்கிறது. கடைசியில் சின்னச் சாமான் இருக்கும் இரண்டு நடைபாதைகளில் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இன்னொரு பீம் மாட்டினேன். A-வுக்கும் சொந்த பீம் கிடைத்தது, அம்பே தேவையில்லை. பம்ப் காஸ்டிங் இருக்கும் பக்கம் அப்படிச் செய்ய முடியாது, அங்கே கை டிராலி தரையிலேயே பேலட்டுக்கு அடியில் நுழைய வேண்டும்.

பீம் மாட்டாத இடங்களில் ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் சம்பந்தமில்லாத இரண்டு இலக்க எண் ஒன்றை அச்சடித்திருக்கிறோம். சரக்கு எடுக்கிற பையன் அதைச் சீட்டில் எழுத வேண்டும், பேக்கிங் மேஜையில் சரிபார்ப்பார்கள். அன்று பொள்ளாச்சிச் சீட்டில் அந்தக் கட்டம் காலி. மேஜையிலும் யாரும் கேட்கவில்லை.

இந்த முறைக்கு நான் கொடுப்பது ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இருந்தாலும் தம்பி, நீ இதே முறையையே போட்டுக்கொள். ராக் மாட்டுகிறவர் வரும்போதே அடியில் ஒரு பீம் கூடுதலாகச் சொல்லிவிடு.